காக்கா முதலில், பறவை பிறகு

மழலையர் வகுப்புக்குப் பாட்டு எழுத உட்காருகிறவர்கள் பலர் முதல் வரியிலேயே 'பறவை' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அழகான பறவை, வண்ணப் பறவை, சின்னப் பறவை. சொல்லில் குற்றம் இல்லை. நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் நாலு வரி போவதற்குள் பாட்டு பாடமாகிவிடுகிறது. டீச்சர் பாடுகிறார், பிள்ளைகள் கடைசி எழுத்தை மட்டும் இழுக்கிறார்கள். மூன்றரை வயதுப் பிள்ளையின் வாயில் அந்தச் சொல் ஏன் உட்கார மறுக்கிறது?

பாட்டி காலத்துப் பாட்டு ஒன்றை நினைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காக்காவிடம் கண்ணுக்கு மையும், குருவியிடம் கொண்டைக்குப் பூவும், கிளியிடம் கிண்ணத்தில் பாலும் கேட்கிற பாட்டு அது. தமிழ்நாட்டில் அதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதில் வருகிறவர்கள் எல்லாருமே பறவைகள்தான். ஆனால் 'பறவை' என்ற சொல் அதில் இல்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கேட்கிற பொருளும் அந்தப் பெயரின் முதல் எழுத்தோடு ஒட்டியே வருகிறது. காக்காவுக்குக் கண், கிளிக்குக் கிண்ணம். யாரோ பெயர் தெரியாத பாட்டிகள், இலக்கணம் படிக்காமலே, மோனையைக் காதால் பிடித்திருக்கிறார்கள்.

பாரதியின் பாப்பாப் பாட்டிலும் வரிசை இப்படித்தான் போகிறது. அங்கே 'பறவை' என்ற பொதுச்சொல் ஒருமுறை வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் சின்னக் குருவி வந்துவிடுகிறது, பின்னாலேயே கோழியும் காக்கையும் வருகின்றன. குழந்தைக்குத் தெரிந்த முகங்களுக்கு நடுவில்தான் பொதுப்பெயரை உட்கார வைத்திருக்கிறார்.

ஒரு பொருள், நான்கு சொற்கள்

பறவையைக் குறிக்கத் தமிழில் பொதுவாகப் புழங்கும் சொற்கள் நான்கு: புள், பறவை, பட்சி, குருவி. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

புள் மிகப் பழைய சொல். தொல்காப்பியம் ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, அந்த நிலத்தின் பறவையைப் 'புள்' என்றுதான் சொல்கிறது. திருக்குறளில் இருக்கிறது, திருப்பாவையில் இருக்கிறது. வைத்தீசுவரன் கோயிலின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். அதில் வரும் புள், சடாயு. 2018இல் வந்த '2.0' படத்தின் 'புள்ளினங்காள்' பாட்டுக்குப் பிறகு இன்றைய இளைஞர்களுக்கும் சொல் பழக்கமாகிவிட்டது. ஆனாலும் மழலை வகுப்புக்கு இது ஆகாது. தமிழன் பேச்சில் மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். புள், 'புள்ளு' ஆகும். லகரமும் ளகரமும் இன்னும் பிரியாத வாயில் அது 'புல்லு' ஆகும். பக்கத்து வீட்டுப் 'புள்ள'யும் அதே ஒலியில் நிற்கிறது. டீச்சர் வானத்தைக் காட்டிப் 'புள்' என்றால் பிள்ளை தரையைப் பார்க்கும்.

பட்சி வடமொழியிலிருந்து வந்தது. 'பக்ஷம்' என்றால் சிறகு, பக்கம். பக்ஷம் உடையது பக்ஷி. கிராமத்துப் பெரியவர்கள் வாயில் அது 'பச்சி' என்று மெத்தென்று விழும். ஆனால் இன்று அந்தச் சொல்லுக்கு ஒரு சோதிட வாசனை ஏறிவிட்டது. பஞ்சபட்சி சாத்திரம் என்கிறோம். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்தை வைத்து நேரம் பார்ப்பது அது. மனசுக்கு ஏதோ பட்டால் 'பட்சி சொல்லுது' என்கிறோம். வீட்டில் குழந்தையிடம் காட்டிச் சொல்லும் சொல்லாக அது இப்போது அதிகம் இல்லை.

குருவிக்கும் வயது குறைவில்லை. சங்கப் பாட்டில் 'குரீஇ' என்று நீட்டி எழுதியிருப்பார்கள். மனிதரின் வீட்டோடு ஒட்டி வாழும் குருவியைக் குறுந்தொகை பாடுகிறது. இன்று குருவி என்றால் நகரத்தில் சிட்டுக்குருவி மட்டும். கிராமத்தில் அப்படி இல்லை. சின்ன உருவமுள்ள எல்லாமே குருவிதான். தூக்கணாங்குருவி, தவிட்டுக்குருவி, வாலாட்டிக் குருவி, கொண்டைக்குருவி, கரிக்குருவி என்று அடைமொழி மாறும், குருவி மாறாது. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஓர் அளவுகோல் உண்டு. கொக்கையும் பருந்தையும் யாரும் குருவி என்பதில்லை. ஆகவே இது பாதிப் பொதுச்சொல்.

மிச்சம் பறவை. கறப்பது கறவை, கலப்பது கலவை என்பதுபோல, பறப்பது பறவை. பொருள் முழுவதும் சொல்லிலேயே தெரிகிறது. பாடநூலும் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் பெயர்ப் பலகையும் இதையே வைத்துக்கொண்டிருப்பது சரிதான். பெரிய பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. சிக்கல் மூன்று வயதிலும் நான்கு வயதிலும்தான்.

பிள்ளைக்கு எது முதலில் வரும்

சோறு ஊட்டும்போது 'காக்கா பாரு' என்று காட்டி வளர்த்த குழந்தை, கொஞ்ச நாளைக்குப் புறாவையும் காக்கா என்னும், மைனாவையும் காக்கா என்னும். சில வீடுகளில் விசிறிமேல் உட்கார்ந்த பட்டாம்பூச்சிகூடக் காக்காதான். அம்மா திருத்துவார். திருத்தத் தேவையில்லை, குழந்தை தனக்கு வேண்டிய பொதுச்சொல்லைத் தானே செய்துகொண்டிருக்கிறது. தமிழ்க் குழந்தைகள் பலருக்குப் 'பறவை' என்பதற்கு முதல் சொல் காக்காதான்.

உளவியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. எலினார் ராஷ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1976இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொருளுக்குப் பல மட்டத்தில் பெயர் இருக்கலாம்: சாமான், நாற்காலி, சாய்வு நாற்காலி. இதில் மனிதர்கள் சட்டென்று சொல்வதும், குழந்தைகள் முதலில் கற்பதும் நடுமட்டத்தைத்தான், அதாவது நாற்காலியை. இதையே பறவைக்கு வைத்துப் பார்த்தபோது ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 'பறவை' மேல்மட்டச் சொல்லாகவும், தனிப் பறவைகளின் பெயர் நடுமட்டச் சொல்லாகவும் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்கள் சோதித்த அமெரிக்க மாணவர்களுக்கோ, ஆங்கிலத்தில் பறவையைக் குறிக்கும் பொதுச்சொல்லே நடுமட்டமாக இருந்தது. எந்தப் பறவை என்று பிரித்துப் பார்க்கும் வாழ்க்கை அவர்களுக்கு இல்லை.

நம் மழலைப் பாட்டுகளின் கோளாறு எங்கே என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆங்கில ரைம்களில் அந்தப் பொதுச்சொல் தாராளமாக வரும். அந்தக் குழந்தைக்கு அது வீட்டுச் சொல். அதைத் தமிழாக்குகிறவர் அகராதியைப் பார்த்துப் 'பறவை' என்று போடுகிறார். பொருள் சரியாக இறங்கிவிட்டது, மட்டம் மாறிவிட்டது. காக்கா, குருவி, கோழி, கிளி என்று பெயர் சொல்லிப் பழகிய குழந்தைக்குப் 'பறவை' என்பது 'விலங்கு', 'தாவரம்' என்பதுபோலப் பள்ளிக்கூடத்துச் சொல்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. நான்கு வயதுப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து 'பறவை வரை' என்று சொல்லுங்கள். எதை வரைவது என்று பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்க்கும். 'காக்கா வரை' என்றால் உடனே கறுப்பு கிரேயானைத் தேடும்.

வாய்க்கு எது வரும்

அடுத்தது ஒலி. தமிழ்க் குழந்தைகளுக்குப் ப, ம, த, ந, க, ட ஆகியவை சீக்கிரம் பழகிவிடும். ர, ற, ழ கடைசியில் வரும். ஐந்து வயதுக்குப் பிறகும் தடுமாறுகிற பிள்ளைகள் உண்டு. 'பறவை' நடுவில் றகரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டுப் பாருங்கள், 'பலவ', 'பயவ' என்று வரும். கடைசி ஐகாரம் நம் எல்லார் பேச்சிலும் அகரமாகத் தேய்ந்து 'பறவ' ஆகிவிடும். அதில் குழந்தைக்குத் தனிக் குற்றம் இல்லை.

குருவி மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. 'குலுவி', 'குயுவி' என்றுதான் வரும். யாப்புக் கணக்கிலும் பறவையும் குருவியும் ஒரே வாய்பாடு, இரண்டும் புளிமா. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போட்டால் தாளம் கெடாது. ஆகவே பாட்டில் குருவி இருந்த இடத்தில் 'பறவை' என்று மாற்ற எழுதுகிறவருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் குருவியைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைக்கும் அது எதுவென்று தெரியும். பறவையைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைக்குத் தான் சொன்னது எது என்பதே தெரியாமல் போகலாம்.

வாய்க்குச் சுகமானவை வேறு: காக்கா, கொக்கு, மைனா, வாத்து, சிட்டு. எல்லாமே தேமா. அதாவது கை தட்டும்போது இரண்டு அசையும் சமமாக விழும். காக்கா, கொக்கு, சிட்டு மூன்றிலும் ஒரே மெய் இரட்டித்து வருகிறது. அம்மா, அப்பா, அக்கா, தாத்தா என்று குழந்தை ஏற்கெனவே பழகிவைத்திருக்கும் அச்சும் அதுதான்.

எதுகைக்கு எது உதவும்

தமிழ்ப் பாட்டில் ஓசை ஒற்றுமை முக்கியமாக இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. 'பறவை'க்கு எதுகை தேடினால் சிறகு, இறகு, பறந்து, கறவை, இறங்கு என்று நிறையக் கிடைக்கும். கேட்க அழகு. ஆனால் எதுகை தேடத் தேட றகரம்தான் பெருகும். பிள்ளைக்கு வராத ஒலியை வரிக்கு வரி கொடுக்கிறோம்.

குருவிக்கு ஒரு, வருது, பருப்பு, இருக்கு கிடைக்கும். அன்றாடச் சொற்கள், ஆனால் ரகரம். சிட்டுக்குத்தான் அதிர்ஷ்டம். தட்டு, கட்டு, வட்டம், எட்டு, மொட்டை, தொட்டு, கொட்டு, லட்டு என்று வீட்டிலும் வகுப்பிலும் இருக்கும் சாமான்களெல்லாம் அதற்கு எதுகை. எண்ணிக்கைப் பாட்டுக்கு எட்டு, விளையாட்டுப் பாட்டுக்கு வட்டம், சாப்பாட்டுப் பாட்டுக்குத் தட்டு.

ஒரு பாட்டை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். இந்தக் கட்டுரைக்காகவே, வழக்கமாக எழுதப்படும் முறையில் முதலில் எழுதியது:

அழகிய பறவை பறக்கிறது
ஆகாயத்தில் பறக்கிறது
சிறகை விரித்துப் பறக்கிறது
மரத்தில் வந்து அமர்கிறது

பார்வைக்குப் பிழை இல்லை. எண்ணிப் பார்த்தால் நாலு வரியில் றகரம் மட்டும் ஒன்பது. ரகரம் இன்னும் மூன்று. 'பறக்கிறது' என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, 'பறக்குது' என்பார்கள். 'அமர்கிறது' என்பது மேடைச் சொல், குழந்தைக்கு 'உட்காருது'தான். இதைவிடப் பெரிய குறை, இந்தப் பறவைக்கு முகம் இல்லை. என்ன நிறம், எப்படிக் கத்தும், எதைத் தின்னும்? பிள்ளை கையை விரித்து ஆட்டுவதைத் தவிர நடித்துக் காட்ட ஒன்றும் இல்லை. முதல் மூன்று வரியிலும் ஒரே வேலைதான் நடக்கிறது.

இப்போது மூன்று பறவைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பொதுச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளினால் இப்படி வரும்:

மொட்டை மாடி மேலே
சிட்டு ஒண்ணு வந்தது
தட்டில் இட்ட தினையைக் கொத்தி
தத்தித் தத்திப் போனது

மதிலு மேலே காத்து
காக்கா ஒண்ணு நின்னது
தா தான்னு கேட்காம
கா கான்னு கேட்டது

குப்பை மேட்டைக் கிண்டிக்
கோழி ஒண்ணு வந்தது
குஞ்சு பத்தும் பின்னால் ஓடிக்
கூட்டம் போட்டுத் தின்னது

வாங்க வாங்க கூடி
வட்டமாக நில்லுங்க
இறகு உள்ள கூட்டத்துக்கு
என்ன பேரு? சொல்லுங்க!

கடைசி வரி முடிந்ததும் டீச்சர் நிறுத்த வேண்டும். வகுப்பு 'பறவை!' என்று கத்த வேண்டும். அந்தச் சொல் பாட்டுக்கு உள்ளே ஓரிடத்திலும் இல்லை. பாட்டுக்கு விடையாக வெளியே நிற்கிறது. மூன்று முகங்களைப் பார்த்து முடித்த பிறகு, மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் தேவைப்படும் இடத்தில் பொதுச்சொல் வருகிறது. தேவை வந்த இடத்தில் கிடைத்த சொல் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பத்தியிலும் வேறு வேறு அசைவு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிட்டுக்குருவி தரையில் நடப்பது அபூர்வம். இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். காக்கா நடக்கவும் செய்யும், தத்தவும் செய்யும். பாட்டில் அதற்குக் காத்து நிற்கும் வேலை. கோழி காலால் கிண்டிவிட்டுக் குனிந்து பார்க்கும். பிள்ளைகள் மூன்றையும் செய்துகாட்டலாம். செய்துபார்த்த பிள்ளை மறுநாள் மதில்மேல் இருப்பதையும் உற்றுப் பார்க்கும்.

கோழியில் ழகரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பிள்ளைகள் 'கோயி', 'கோளி' என்பார்கள். ஊரில் பெரியவர்கள் பலர் சொல்வதும் அப்படித்தான். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பறவையை ஓர் எழுத்துக்காக விட்டுவிட முடியாது. கடினமான ஒலி பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் பயிற்சி. வரிக்கு மூன்று இருந்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

பறப்பதெல்லாம் பறவையா?

கடைசிப் பத்தியில் 'வானில் பறக்கும் கூட்டத்துக்கு' என்று எழுதியிருந்தால் தாளம் இன்னும் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். வேண்டுமென்றேதான் 'இறகு உள்ள' என்று வைத்தேன்.

'பறவை' என்ற சொல்லே பறப்பதைச் சொல்வதால், பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். 'எதெல்லாம் பறவை?' என்று கேட்டால் பட்டாம்பூச்சி வரும், கொசு வரும், வௌவால் வரும், ஏரோப்ளேன்கூட வரும். கோழி பறவையா என்றால் இல்லை என்று தலையாட்டும். அது முற்றத்தில் நடந்துகொண்டுதானே இருக்கிறது? நெருப்புக்கோழியும் பெங்குயினும் பறக்கவே பறக்காது. பறத்தலை வைத்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஓட்டை.

இறகை வைத்துப் பிரித்தால் ஓட்டை இல்லை. இன்று உலகில் உயிரோடு இருக்கும் எந்தப் பறவையை எடுத்தாலும் அதற்கு இறகு உண்டு; பறவை அல்லாத எந்த உயிருக்கும் இறகு இல்லை. வௌவாலின் இறக்கை தோலால் ஆனது. அதன் உடம்பில் இருப்பது முடி, குட்டிக்கு அது பால் கொடுக்கும். பட்டாம்பூச்சிக்கு இறக்கை உண்டு, இறகு இல்லை. பேச்சில் இறகு, இறக்கை, சிறகு மூன்றையும் கலந்து சொல்கிறோம். வகுப்பில் உதிர்ந்து கிடந்த ஒரு காக்கை இறகைக் கையில் கொடுத்து 'இதுதான் இறகு' என்று காட்டிவிட்டால் போதும். பிறகு கையைக் கழுவச் சொல்ல மறக்கக் கூடாது.

கோழியைப் பாட்டில் சேர்த்ததற்கும் காரணம் இதுதான். நன்றாகப் பறக்கும் இரண்டோடு பறக்கத் தயங்கும் ஒன்றையும் சேர்த்து நிறுத்தி, மூன்றுக்கும் ஒரே பெயர் என்று சொன்னால், பறவை என்பது பறப்பதை மட்டும் வைத்து அல்ல என்று பிள்ளைக்கு விளக்கம் சொல்லாமலே புரியும்.

ஊருக்கு ஏற்ற பெயர்

பாட்டில் வரும் பறவைகளை ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்குச் சிட்டைவிட ஜன்னல் ஓரத்துப் புறாதான் அறிமுகம். வயல் பக்கம் என்றால் கொக்கு. கொக்கும் தேமாவாக இருப்பதால் சிட்டு இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். ஆனால் அப்போது 'மொட்டை, தட்டு' என்ற எதுகை போய்விடும். அந்தப் பத்தியையே புதிதாகக் கட்ட வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு வரிகளை அப்படியே விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மொட்டை மாடியில் கொக்கு தினை தின்னாது. அதற்கு மீனும் தவளையும் வேண்டும், சேற்றில் ஒற்றைக் காலில் நிற்க இடம் வேண்டும்.

பெயரிலும் ஊர் வித்தியாசம் உண்டு. பாடநூலில் காகம், செய்யுளில் காக்கை, வீட்டில் காக்கா. மழலைப் பாட்டுக்குக் காக்காதான் சரி என்று தோன்றும். ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் முஸ்லிம் வீடுகளிலும், இலங்கை முஸ்லிம்களிடையேயும் 'காக்கா' என்றால் அண்ணன். மதில்மேல் அண்ணன் நின்று சோறு கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரித்தால் நல்லதுதான், வேண்டாம் என்றால் அங்கே 'காகம் ஒண்ணு நின்னது' என்று பாடிக்கொள்ளலாம். காகமும் தேமாதான், 'காத்து' என்பதோடு மோனையும் விடுபடாது.

பறவைகளின் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று மரபுச் சொற்களைப் பெரிய வகுப்பில் படிக்கிறோம். அவற்றை மழலைப் பாட்டிலேயே புகுத்திவிட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. 'காகம் கரைந்தது' என்றால் நான்கு வயதுப் பிள்ளை சர்க்கரை கரைவதை நினைக்கும். இந்த வயதில் 'கா கா' என்ற ஒலியே போதும். கரையும் என்ற வினை மூன்று வருடம் கழித்து வரட்டும். அப்போது பிள்ளைக்குக் காக்காவின் குரல் நன்றாகத் தெரிந்திருக்கும்.

எழுதி முடித்த பாட்டு தேறியதா என்பதை வகுப்பிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரம் பாடவிட்டு, டீச்சர் வரியின் பாதியில் நிறுத்த வேண்டும். 'தட்டில் இட்ட' என்று விட்டால் 'தினையை' என்று பிள்ளைகள் முடிக்க வேண்டும். முடிக்காத வரி எதுவோ, அதில்தான் கோளாறு. பெரும்பாலும் அங்கே பேச்சில் இல்லாத சொல்லோ வராத ஒலியோ இருக்கும். தினை தெரியாத ஊரில் 'தட்டில் இட்ட சாதம் கொத்தி' என்று மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த சோதனை, பாட்டில் இல்லாத ஒரு பறவையின் படத்தைக் காட்டுவது. மீன்கொத்தியின் படத்தைக் காட்டி 'இதுக்கு இறகு இருக்கா? அப்போ இது என்ன?' என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் 'பறவை' என்று பதில் வந்தால் பொதுச்சொல் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. 'காக்கா' என்று வந்தால் இன்னும் ஒரு வாரம் பாடலாம்.